பொன் விதிகள்: முதலாண்டு வணிகவியல் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளியில் அறிவியல் பிரிவு படித்துவிட்டு பி.காம். வகுப்பில் சேரும் மாணவர்கள் பற்று, வரவு எழுதுவதற்கான மூன்று பொன் விதிகளைப் பற்றி முதல் இரண்டு மாதங்களில் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. வகுப்பில் பலமுறை சொன்ன விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லா எடுத்துக்காட்டுகளும் ஒரே கடையிலிருந்து வருகின்றன: பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜூன் 1 அன்று நீங்கள் திறக்கும் எழுதுபொருள் கடை. குழப்பத்தைக் குறைப்பதற்காக சரக்கு மற்றும் சேவை வரியை இக்கணக்குகளில் சேர்க்கவில்லை.

மூன்று விதிகளையும் ஒரே இடத்தில் சொல்லிவிடுங்கள். எந்தக் கணக்குக்கு எது?

ஆள்சார் கணக்கில், பெறுபவர் கணக்கைப் பற்று வைக்க வேண்டும். தருபவர் கணக்கை வரவு வைக்க வேண்டும். சொத்துக் கணக்கில், உள்ளே வருவதைப் பற்று வைக்க வேண்டும். வெளியே செல்வதை வரவு வைக்க வேண்டும். பெயரளவுக் கணக்கில், செலவுகளையும் நட்டங்களையும் பற்று வைக்க வேண்டும். வருமானங்களையும் ஆதாயங்களையும் வரவு வைக்க வேண்டும்.

ஆள்சார் கணக்கு என்பது தனிமனிதர்களின் கணக்கு மட்டுமன்று. வங்கி, நிறுமம், கூட்டுறவுச் சங்கம் முதலிய அமைப்புகளும் அதில் அடங்கும். சொத்துக் கணக்கில் ரொக்கம், அறைகலன், இயந்திரம் முதலியவற்றோடு, கண்ணால் காண முடியாத நற்பெயர், காப்புரிமை ஆகியவையும் வரும். பெயரளவுக் கணக்குக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் எளிது. கல்லாவில் இருக்கும் ரொக்கத்தை எண்ணலாம். கடனுக்குச் சரக்கு வாங்கியவரைச் சந்தித்துக் கடனைக் கேட்கலாம். போன மாத வாடகையை எங்கே போய்ப் பார்ப்பது? அது ஏட்டில் பெயராக மட்டுமே இருக்கிறது.

வீட்டுக் கணக்கில் பணம் வந்தால் 'வரவு' என்றுதானே எழுதுகிறோம்? இங்கே மட்டும் ரொக்கம் வந்தால் 'பற்று' என்கிறீர்களே?

தமிழில் கணக்குப்பதிவியல் படிப்பவருக்கே உரிய தடுமாற்றம் இது. வரவு செலவு என்னும்போது வரவு என்பது நம் கைக்கு வந்த பணம். பற்று வரவு என்னும்போதோ, அது ஒரு குறிப்பிட்ட கணக்குக்கு வந்து சேர்ந்தது. சொல் ஒன்றுதான், எதிரே நிற்கும் இணைச்சொல் மாறும்போது பொருளும் மாறிவிடுகிறது.

மளிகைக் கடையின் பற்று நோட்டை நினைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டார் கடனுக்கு அரிசி வாங்கினால், கடைக்காரர் உங்கள் பெயர் எழுதிய பக்கத்தில் அதைப் பற்றாக எழுதுகிறார். மாதக் கடைசியில் பணம் கொடுத்தால், அதே பக்கத்தில் வரவு வைக்கிறார். அரிசியைப் பெற்றுக்கொண்டவர் நீங்கள், ஆகவே பற்று. பணத்தைத் தந்தவர் நீங்கள், ஆகவே வரவு. ஆள்சார் கணக்கின் விதி முழுவதும் அந்த நோட்டிலேயே இருக்கிறது. பற்றைக் குறிக்கும் டெபிட் என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்குக் கடன்பட்டிருத்தல் என்றும், வரவைக் குறிக்கும் கிரெடிட் என்பதன் வேருக்கு நம்புதல் என்றும் பொருள். அந்தச் சொற்களும் ஆட்களுக்கு இடையிலான கொடுக்கல் வாங்கலிலிருந்து வந்தவையே.

இனி, கல்லாப்பெட்டியை ஓர் ஆளாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கடைக்கு வரும் ரொக்கத்தைப் பெற்றுக்கொள்பவர் அவர். பெற்றுக்கொண்ட தொகைக்கு அவர் கடைக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆகவே ரொக்கம் வரும்போது அவர் கணக்கில் பற்று எழுதுகிறோம். 'உள்ளே வருவதைப் பற்று வை' என்ற விதியை இப்படிப் பார்த்தால், வீட்டுக் கணக்கின் வரவோடு அது மோதாது. மோதல் தோன்றும்போதெல்லாம் 'இது யாருடைய பக்கம்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். பின்வரும் விடைகளில் இந்தக் கேள்வி மீண்டும் மீண்டும் உதவும்.

கணக்கைக் கொடுத்தவுடன் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? நான் நேராகப் பற்று எது என்றுதான் தேடுகிறேன்.

அங்கேதான் பிழை தொடங்குகிறது. முதலில் நடவடிக்கையில் தொடர்புடைய கணக்குகளின் பெயர்களை எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றும் எந்த வகை என்று தீர்மானியுங்கள். அதன்பின், அந்த வகைக்குரிய விதியை அந்தக் கணக்குக்கு மட்டும் பொருத்துங்கள். இரண்டு கணக்குகள் இரண்டு வகையாக இருந்தால் இரண்டு வெவ்வேறு விதிகள் பயன்படும். ஒரே விதியின் இரண்டு பாதிகளையும் ஒரே நடவடிக்கையில் பயன்படுத்தியாக வேண்டும் என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள்.

ஜூன் 25 அன்று கடை வாடகை 5,000 ரூபாயைக் காசோலையாகக் கொடுக்கிறீர்கள். தொடர்புடைய கணக்குகள் வாடகையும் வங்கியும். வாடகை பெயரளவுக் கணக்கு. அது செலவு, ஆகவே பற்று. வங்கி ஆள்சார் கணக்கு. தொகையைத் தருவது வங்கி, ஆகவே வரவு. நடவடிக்கைகளைத் தேதி வாரியாக முதலில் எழுதும் குறிப்பேட்டில் இப்படி வரும்; 'க/கு' என்பது கணக்கு, 'ப' என்பது பற்று:

வாடகைக் க/கு ப 5,000
வங்கிக் க/கு 5,000
(ஜூன் மாதக் கடை வாடகை காசோலை மூலம் செலுத்தியது)

அடைப்புக்குள் உள்ள விளக்கக் குறிப்பை மதிப்பெண்ணுக்காக எழுதும் அலங்காரமாக நினைக்க வேண்டாம். அதன் பயன் கடைசிக் கேள்வியில் தெரியும்.

வங்கியில் இருப்பதும் பணம்தானே? அதை எப்படி ஆள்சார் கணக்கு என்கிறீர்கள்?

நீங்கள் வங்கியில் செலுத்திய பிறகு அந்தப் பணம் உங்கள் கையில் இல்லை. அதைத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பு வங்கி என்ற அமைப்புக்கு இருக்கிறது. ஜூன் 2 அன்று கல்லாவிலிருந்து 60,000 ரூபாயை எடுத்து வங்கியில் செலுத்தினால், பெறுபவர் என்ற முறையில் வங்கிக் கணக்கு பற்று. வெளியே செல்வது என்ற முறையில் ரொக்கக் கணக்கு வரவு.

அப்படியானால் என் பாஸ்புக்கில் நான் போட்ட பணம் 'வரவு' என்று இருக்கிறதே? வங்கி தவறாக எழுதுகிறதா?

வங்கி சரியாகத்தான் எழுதுகிறது. மேலே சொன்ன 'இது யாருடைய பக்கம்?' என்ற கேள்வியை இங்கே கேளுங்கள். பாஸ்புக் என்பது வங்கியின் ஏட்டில் உங்களுக்குரிய பக்கத்தின் படி. வங்கியின் பார்வையில் பணத்தைத் தந்தவர் நீங்கள், ஆகவே உங்கள் கணக்கு வரவு. உங்கள் ஏட்டிலோ பெற்றவர் வங்கி, ஆகவே வங்கிக் கணக்கு பற்று. ஒரே 60,000 ரூபாய் இரண்டு ஏடுகளில் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்பது இயல்பு. பாஸ்புக்கைப் பார்த்து விதிகளை மனப்பாடம் செய்தவர்கள்தான் பின்னால் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலில் அதிகம் திணறுகிறார்கள்.

கடைக்கு நான் போட்டது என் சொந்தப் பணம். அதை ஏன் கடன் வாங்கியதுபோல 'முதல் கணக்கு வரவு' என்று எழுத வேண்டும்?

கணக்கெழுதும்போது கடை வேறு, நீங்கள் வேறு. ஜூன் 1 அன்று நீங்கள் 1,00,000 ரூபாய் கொண்டுவந்து கடையைத் தொடங்கினால், கடை என்ற தனி அமைப்புக்கு நீங்கள் தந்தவர் ஆகிறீர்கள். முதல் கணக்கு என்பது உரிமையாளரின் ஆள்சார் கணக்கு, ஆகவே வரவு. ரொக்கம் உள்ளே வந்தது, ஆகவே பற்று. சட்டப்படி தனியாள் வணிகத்தையும் உரிமையாளரையும் பிரிக்க முடியாது என்பது உண்மை. இந்தப் பிரிவு கணக்கேட்டுக்கு மட்டும் உரியது.

இதன் மறுபக்கம் எடுப்புகள் கணக்கு. ஜூன் 12 அன்று உங்கள் தங்கைக்காகக் கடையிலிருந்து 1,000 ரூபாய் அடக்க விலையுள்ள நோட்டுப் புத்தகங்களை எடுத்துச் செல்கிறீர்கள். பெறுபவர் உரிமையாளர், ஆகவே எடுப்புகள் பற்று. வரவு வைக்க வேண்டியது விற்பனைக் கணக்கை அன்று, கொள்முதல் கணக்கை. நீங்கள் யாருக்கும் எதையும் விற்கவில்லை. விற்பதற்காக வாங்கிய சரக்கு அடக்க விலையிலேயே வெளியே போயிருக்கிறது.

சரக்கு வாங்கினால் 'சரக்குக் கணக்கு' என்று எழுதாமல் 'கொள்முதல்' என்று ஏன் எழுதுகிறோம்? அது சொத்துக் கணக்கா, பெயரளவுக் கணக்கா?

சரக்கு என்ற ஒரே கணக்கை வைத்தால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். ஜூன் 4 அன்று கண்ணன் என்ற மொத்த வியாபாரியிடம் 30,000 ரூபாய்க்குக் கடனாகச் சரக்கு வாங்குகிறீர்கள். ஜூன் 10 அன்று, அதில் 9,000 ரூபாய் அடக்கமுள்ள சரக்கைச் செல்வி என்ற வாடிக்கையாளருக்கு 12,000 ரூபாய்க்குக் கடனாக விற்கிறீர்கள். சரக்குக் கணக்கில் பற்று 30,000, வரவு 12,000, மீதி 18,000. ஆனால் அன்று அலமாரியில் உண்மையில் இருப்பதோ 21,000 ரூபாய்ச் சரக்கு. வாங்கியது ஒரு விலையிலும் விற்றது இன்னொரு விலையிலும் ஒரே கணக்கில் விழுவதால், அந்த மீதி இருப்பையும் காட்டாது, இலாபத்தையும் காட்டாது. எனவேதான் கொள்முதல், விற்பனை, வெளித்திருப்பம், உள்திருப்பம், சரக்கிருப்பு என்று பிரித்து வைக்கிறோம்.

வகையைப் பொறுத்தவரை நூல்கள் ஒன்றுபோல் சொல்வதில்லை. சரக்கு உள்ளே வருகிறது என்று சொத்துக் கணக்காகக் கொள்வோரும் உண்டு. ஆண்டிறுதியில் வியாபாரக் கணக்குக்கு மாற்றி முடிக்கப்படுவதால் பெயரளவுக் கணக்கு என்போரும் உண்டு. இரு வழியிலும் கொள்முதல் பற்று, விற்பனை வரவு என்ற முடிவே கிடைக்கிறது. நான் பெயரளவுக் கணக்கு என்றே சொல்லித் தருகிறேன். உங்கள் பாடநூல் வேறு வகையில் இருந்தால் தேர்வில் அதைப் பின்பற்றுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நீங்கள் விற்பதற்காக வாங்குவதே சரக்கு. உங்கள் கடைக்கு அலமாரி சொத்து. அறைகலன் வியாபாரிக்கு அதே அலமாரி கொள்முதல்.

'கண்ணனிடமிருந்து ரொக்கத்திற்குச் சரக்கு வாங்கியது' என்று வந்தால், கண்ணன்தானே தருபவர்? அவர் கணக்கை ஏன் வரவு வைக்கவில்லை?

வைத்தாலும் தவறாகாது, பயன்தான் இல்லை. சரக்கைத் தந்ததற்காகக் கண்ணனை வரவு வைத்த அடுத்த நொடியே, பணத்தைப் பெற்றதற்காக அவரைப் பற்று வைக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். கொடுக்கவோ வாங்கவோ பாக்கி எதுவும் நிற்காத இடத்தில் ஆளின் பெயரை விட்டுவிட்டு, கொள்முதல் பற்று, ரொக்கம் வரவு என்று எழுதினால் போதும்.

வினாவில் ஆளின் பெயர் இருந்து, ரொக்கம் என்றோ கடன் என்றோ குறிப்பிடாமல் இருந்தால், அதைக் கடன் நடவடிக்கையாகக் கொள்வது வழக்கம். பெயரே இல்லாமல் 'சரக்கு விற்றது' என்று மட்டும் இருந்தால், ரொக்க விற்பனையாகக் கொள்ளலாம்.

செல்வி 12,000 தர வேண்டிய இடத்தில் 11,800 மட்டும் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிட்டார். செல்வி கணக்கில் எவ்வளவு எழுதுவது?

முழுமையாக 12,000. ஜூன் 20 அன்று நடந்ததைப் பாருங்கள். 11,800 ரூபாய் ரொக்கம் உள்ளே வந்தது, பற்று. விரைவாகப் பணம் தந்ததற்காக நீங்கள் விட்டுக்கொடுத்த 200 ரூபாய் கடைக்கு நட்டம், ஆகவே அளித்த தள்ளுபடியும் பற்று. மூன்று வகைக் கணக்குகளும் ஒரே பதிவில் சேரும் இடம் இது:

ரொக்கக் க/கு ப 11,800
அளித்த தள்ளுபடி க/கு ப 200
செல்வி க/கு 12,000

செல்வி கணக்கில் 11,800 மட்டும் வரவு வைத்தால், கணக்கு தீர்ந்த பிறகும் அவர் பக்கத்தில் 200 ரூபாய் பாக்கி நிற்கும். அடுத்த மாதம் நினைவூட்டுக் கடிதம் அனுப்பி வாடிக்கையாளரைச் சங்கடப்படுத்துவீர்கள். விற்கும்போதே பட்டியல் விலையில் கழித்துவிடும் வியாபாரத் தள்ளுபடி ஏட்டில் தனியாக வராது. கழித்த பிறகு உள்ள தொகையே விற்பனையாகப் பதிவாகும்.

கூலி பெயரளவுக் கணக்கு என்றீர்கள். 'கொடுபட வேண்டிய கூலி' மட்டும் எப்படி ஆள்சார் கணக்கு ஆனது?

கூலி என்பது ஒரு செலவின் பெயர். கொடுபட வேண்டிய கூலி என்பதோ, உழைப்பைத் தந்துவிட்டு இன்னும் பணம் பெறாமல் இருக்கும் ஆட்களின் பெயர். பத்துப் பேருக்குப் பாக்கி இருந்தால், பத்துப் பெயரில் கணக்குத் திறக்காமல் எல்லோருக்கும் பதிலாக ஒரே கணக்கை வைக்கிறோம். ஆகவே அதைப் பிரதிநிதித்துவ ஆள்சார் கணக்கு என்கிறோம். முன்கூட்டிச் செலுத்திய வாடகை, முன்கூட்டிப் பெற்ற வட்டி ஆகியவையும் இவ்வாறே. பெயருக்கு முன்னால் இத்தகைய அடைமொழி வந்தால், பின்னால் ஓர் ஆள் நிற்கிறார் என்று கொள்ளலாம்.

ஜூன் 30 அன்று கடைப் பையனுக்கு 2,000 ரூபாய் கூலி பாக்கி. கூலி செலவு, ஆகவே பற்று. உழைப்பைத் தந்தவர் அவர், ஆகவே கொடுபட வேண்டிய கூலி வரவு. உண்மையான பொறி ஜூலை 5 அன்று பணம் கொடுக்கும்போது வருகிறது. அன்று பற்று வைக்க வேண்டியது கொடுபட வேண்டிய கூலியை. பெறுபவர் அவர் அல்லவா? பழக்கத்தில் கூலிக் கணக்கையே மறுபடியும் பற்று வைத்தால், ஒரே வேலைக்கு இரண்டு முறை செலவு எழுதியதாகும். கொடுபட வேண்டிய கூலிக் கணக்கு தீராமல் அப்படியே நிற்பதிலிருந்து இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கலாம்.

வாராக்கடன் என்றால் செல்வி எதையுமே தரவில்லை. பிறகு ஏன் அவரை 'தருபவர்' ஆக்கி வரவு வைக்கிறோம்?

விதியின் சொற்களை எழுத்துக்கு எழுத்துப் பிடித்துக்கொண்டால் சிக்கும் இடம் இது. செல்வி ஜூன் 20 அன்று பணம் கொடுக்காமலே ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். வாராக்கடன் நட்டம், ஆகவே 12,000 பற்று. செல்வி கணக்கில் வைக்கும் வரவு, அவர் ஏதோ தந்தார் என்பதற்காக அன்று. அவர் பக்கத்தில் நிற்கும் பற்றை இனி வசூலிக்க முடியாது என்பதால் அதை நீக்குவதற்காக. தேய்மானத்திலும் இதே நிலைதான். அலமாரி நின்ற இடத்திலேயே நிற்கிறது; ஆனாலும் அறைகலன் கணக்கை வரவு வைக்கிறோம். வெளியே சென்றது அலமாரியின் மதிப்பில் ஒரு பகுதி.

ஓராண்டு கழித்துச் செல்வி திரும்பி வந்து 4,000 ரூபாய் தருகிறார். இப்போது அவர் மெய்யாகவே தருபவர். ஆனால் அவர் கணக்கை வரவு வைக்கக் கூடாது! அது முன்பே முடிந்துவிட்டது. அதில் 4,000 வரவு எழுதினால், கடை அவருக்குக் கடன்பட்டிருப்பதாகத் தோன்றும். ரொக்கம் பற்று, வசூலித்த வாராக்கடன் என்ற பெயரளவுக் கணக்கு, ஆதாயம் என்பதால் வரவு.

அலமாரி பொருத்த வந்த தச்சருக்குக் கூலி கொடுத்தேன். 'கூலி' என்றுதானே எழுத வேண்டும்?

கூடாது. ஜூன் 3 அன்று 15,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்து அலமாரி வாங்கி, அதைச் சுவரில் பொருத்த 1,500 ரூபாய் ரொக்கமாகக் கூலி கொடுத்தீர்கள். அலமாரியைப் பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு முழுவதும் அந்தச் சொத்தின் அடக்கத்தில் சேரும். ஆகவே இரண்டும் அறைகலன் கணக்கில் பற்று, மொத்தம் 16,500. அதே தச்சர் இரண்டு ஆண்டு கழித்துக் கழன்ற கதவைச் சரிசெய்தால், அந்தக் கூலி பழுதுபார்ப்புச் செலவு. கொடுத்தது யாருக்கு என்பதைவிட எதற்காக என்பதே வகையைத் தீர்மானிக்கிறது.

எப்படியும், பற்று இருப்புகளையும் வரவு இருப்புகளையும் கூட்டிப் பார்க்கும் இருப்பாய்வு சமமாக வந்துவிட்டால் எல்லாம் சரி என்றுதானே பொருள்?

இந்தக் கடையின் ஜூன் மாதத்தையே எடுத்துக்கொள்வோம். செல்வி 11,800 கொடுத்துத் தீர்த்ததாகக் கொண்டு, பற்று இருப்புகளைக் கூட்டுங்கள்: ரொக்கம் 50,300, வங்கி 40,000, அறைகலன் 16,500, கொள்முதல் 29,000, எடுப்புகள் 1,000, வாடகை 5,000, கூலி 2,000, அளித்த தள்ளுபடி 200. மொத்தம் 1,44,000. வரவு இருப்புகள்: முதல் 1,00,000, கண்ணன் 30,000, விற்பனை 12,000, கொடுபட வேண்டிய கூலி 2,000. அதுவும் 1,44,000.

இப்போது தச்சரின் 1,500 ரூபாயைத் தவறாகக் கூலிக் கணக்கில் எழுதியதாகக் கொள்ளுங்கள். அறைகலன் 15,000 ஆகும், கூலி 3,500 ஆகும். மொத்தம் அதே 1,44,000. கடையின் இலாபமும் சொத்தின் மதிப்பும் 1,500 ரூபாய் குறைந்திருக்கும். இருப்பாய்வு ஒன்றும் சொல்லாது. இதை விதிப் பிழை என்கிறோம். தொகையைச் சரியான பக்கத்தில் எழுதிவிட்டு, கணக்கின் வகையைத் தவறவிட்டதால் வருவது இது. ஒரே ஒரு பையன் வேலை செய்யும் கடையில் கூலி ஏன் 3,500 ஆனது என்று ஐயம் எழுந்தால், பதிவுகளைக் கணக்கு வாரியாகத் தொகுக்கும் பேரேட்டில் அந்தத் தொகையின் தேதியைப் பிடித்துக்கொண்டு குறிப்பேட்டுக்குத் திரும்ப வேண்டும். அங்கே ஜூன் 3 அன்று எழுதிய பதிவின் கீழே '(அலமாரி பொருத்தத் தச்சருக்குக் கொடுத்தது)' என்ற விளக்கக் குறிப்பு இருந்தால், பிழை உடனே தெரிந்துவிடும். குறிப்பு எழுதாமல் விட்டிருந்தால், தச்சரைத்தான் தேடிப் போக வேண்டும்.